ஏனென்றால், அதனால், ஆனால்: பள்ளிப் பத்தியில் இந்த மூன்றையும் குறைப்பது எப்படி?

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து தமிழ் எழுதுவார்கள். பெற்றோர் அவர்களை என்னிடம் விட்டுவிட்டு மலை மந்திருக்கு ஏறிப் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்புவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு பத்தி. பள்ளியில் கேட்கிற அளவுதான்: பத்து, பன்னிரண்டு வாக்கியம்.

போன குளிர்காலத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதிக் கொடுத்த பத்தி இது. எழுத்துப் பிழையைத் திருத்தியதைத் தவிர வேறு எதையும் நான் தொடவில்லை.

"எங்கள் பள்ளியில் நவம்பரில் விளையாட்டு விழா நடக்க இருந்தது. ஆனால் விழா நடக்கவில்லை. ஏனென்றால் டெல்லியில் புகைமூட்டம் அதிகமாக இருந்தது. அதனால் பள்ளியை மூடினார்கள். அதனால் நாங்கள் வீட்டிலிருந்தே கணினியில் படித்தோம். நான் தினமும் பயிற்சி செய்தேன். ஏனென்றால் எனக்கு ஓட்டப் பந்தயத்தில் பரிசு வேண்டும். ஆனால் அம்மா வெளியே ஓட வேண்டாம் என்றார். அதனால் நான் அழுதேன். ஆனால் என் தம்பி மகிழ்ந்தான். ஏனென்றால் அவனுக்கு ஓடப் பிடிக்காது. அதனால் நான் அவனோடு பேசவில்லை. அதனால் ஒரு வாரம் கழித்துப் பள்ளி திறந்தது."

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. சேர்த்துப் படித்தால் மேடுபள்ளச் சாலையில் ஆட்டோவில் போவது போல இருக்கிறது. பதின்மூன்று வாக்கியங்களில் பதினொன்று இந்த மூன்று சொற்களில் ஒன்றைக் கொண்டு தொடங்குகின்றன. இதைச் சரிசெய்யப் பலரும் கையாளும் வழி, சொல்லுக்குச் சொல் மாற்றுவது. 'ஏனென்றால்' இருந்த இடத்தில் 'ஏனெனில்', 'அதனால்' இருந்த இடத்தில் 'ஆகவே', 'ஆனால்' இருந்த இடத்தில் 'எனினும்'. அப்படி மாற்றினாலும் ஆட்டோ அதே சாலையில்தான் ஓடும். மாற்ற வேண்டியது வாக்கியம் கட்டப்பட்டிருக்கும் முறையை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது?

டெல்லிப் பிள்ளைகள் பள்ளியில் நாள் முழுவதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். இந்தியில் 'கியோங்கி', 'இஸ்லியே', 'லேக்கின்'. ஆங்கிலத்தில் 'பிகாஸ்', 'ஸோ', 'பட்'. இரண்டு மொழியிலும் இந்தச் சொற்கள் தனியாக நிற்கும். அடுத்து வரும் செய்தியின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். தமிழிலும் அப்படி உட்காரத்தக்க மூன்று சொற்களைப் பிள்ளை தேடி எடுத்துக்கொள்கிறது.

தமிழின் இயல்பு வேறு. இங்கே காரணமும் முரணும் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கின்றன. 'மழை பெய்ததால் போகவில்லை' என்பதில் காரணத்தைச் சுமப்பது 'பெய்தது' என்பதோடு ஒட்டிய 'ஆல்'. 'மழை பெய்தும் போனோம்' என்பதில் முரணைச் சுமப்பது ஓர் 'உம்'. தனிச்சொல் தேவையே இல்லை. வரிசையும் நேர்மாறானது. 'கியோங்கி' போட்டால் விளைவு முன்னே, காரணம் பின்னே. தமிழில் காரணம் முன்னே வந்து வழிவிட, விளைவு கடைசியில் வந்து வாக்கியத்தை முடிக்கும்.

இந்தத் தனிச்சொற்களே கூட ஒரு காலத்தில் வினைகள்தாம். 'ஏனென்றால்' என்பது 'ஏன் என்று சொன்னால்'. 'எனவே', 'எனினும்', 'என்றாலும்', 'என்பதால்' எல்லாம் 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து பிறந்தவை. 'ஆனால்', 'ஆகவே', 'ஆகையால்', 'ஆதலால்', 'ஆயினும்' எல்லாம் 'ஆ' என்ற ஆகுதல் வினையின் பிள்ளைகள். 'இரவானால் குளிரும்' என்கிறோமே, அந்த 'ஆனால்'தான் இந்த 'ஆனால்'. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அந்தச் சிறுமி, "அப்படியென்றால் மொத்தமே இரண்டு வினைதானா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான். 'அதனால்' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது 'அது' என்ற சுட்டுப்பெயரோடு 'ஆல்' சேர்ந்தது.

முதல் படி: வட்டமிட்டு, 'ஏன்?' என்று கேளுங்கள்

பென்சிலால் மூன்று சொற்களையும் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு 'அதனால்' வாக்கியத்தையும் கேள்வியாகத் திருப்பிப் போடுங்கள். "பள்ளியை ஏன் மூடினார்கள்?" "புகைமூட்டத்தால்." சரி. "நீ ஏன் அழுதாய்?" "அம்மா ஓடக் கூடாது என்றதால்." அதுவும் சரி. "ஒரு வாரம் கழித்துப் பள்ளி ஏன் திறந்தது?" அவள் பத்தியைப் பார்த்தாள். பத்தி சொல்லும் பதில்: "நான் தம்பியோடு பேசாததால்." கூடமே சிரித்தது. அவளும்தான்.

அங்கே இருந்தது காரணம் அல்ல, காலம். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததைப் பிள்ளைகள் 'அதனால்' போட்டு இணைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு மாற்றுச் சொல் தேட வேண்டாம், அடித்துவிட்டாலே போதும். 'ஒரு வாரம் கழித்து' என்ற தொடரே காலத்தைச் சொல்லிவிடுகிறது. என்னிடம் வரும் பத்திகளில் நான்கைந்து 'அதனால்' இருந்தால் ஒன்றிரண்டு இப்படி வெறும் 'பிறகு'வாக இருக்கும்.

இரண்டாம் படி: நடந்ததை நடந்த வரிசையில் அடுக்குங்கள்

சொல்லை மாற்றும் முன் இதைச் செய்ய வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பத்தியில் முதலில் விழா நின்றது, பிறகு புகை வந்தது, பிறகு பள்ளி மூடியது. உண்மையில் நடந்தது: புகை வந்தது, பள்ளி மூடியது, விழா நின்றது. பயிற்சி செய்ததோ இவை எல்லாவற்றுக்கும் முன்பே தொடங்கியது. பத்தியில் அது நடுவில் வந்து விழுகிறது. தமிழ் வாக்கியத்துக்குக் காரணம் முன்னால் வருவது இயல்பு என்று சொன்னேன் அல்லவா? நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் வைத்தாலே காரணங்கள் தாமாக முன்னே வந்துவிடும். பாதி 'ஏனென்றால்' வேலையிழந்து போகும்.

துண்டுச் சீட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சியாக எழுதி, தரையில் பரப்பி, நகர்த்தச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை. அவள் பயிற்சிச் சீட்டைத் தூக்கி விழாச் சீட்டுக்கு அடுத்தபடியாக வைத்தாள். புகைச் சீட்டு மூன்றாவதாக வந்தது.

மூன்றாம் படி: 'ஏனென்றால்' என்பதை வினைக்குள் மடித்தல்

இங்கே நிதானமாக நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

அடிப்படை வடிவம் '-ததால்'. நடந்து முடிந்த காரணத்துக்கு இது பொருந்தும்: 'பள்ளியை மூடியதால் வீட்டிலிருந்தே படித்தோம்.' நடந்துகொண்டிருப்பதற்கும் வழக்கமாக நடப்பதற்கும் '-வதால்', '-ப்பதால்': 'தினமும் ஓடுவதால் கால் வலிக்கிறது', 'புகை இருப்பதால் கண் எரிகிறது.' எதிர்மறைக்கு '-ஆததால்': 'நேரம் இல்லாததால் விளையாடவில்லை.' காரணம் வினையில் முடியாமல் பெயரில் முடிந்தால் 'என்பதால்' வேண்டும்: 'அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை மூடியிருந்தது.' காரணமே ஒரு பொருளாக இருந்தால் வினைகூடத் தேவையில்லை: 'புகையால் கண் எரிந்தது', 'காய்ச்சல் காரணமாக வரவில்லை.'

முதல் பள்ளம் ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது. 'மழை பெய்தால் விழா நடக்காது' என்றால் மழை இன்னும் பெய்யவில்லை, அது நிபந்தனை. 'மழை பெய்ததால் விழா நடக்கவில்லை' என்றால் பெய்துவிட்டது, அது காரணம். நடுவில் இருக்கும் ஒரு 'த' விழுந்தால் பொருளே மாறிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: அந்த வினையைத் தனியே எடுத்து 'அது' சேருமா என்று பாருங்கள். 'பெய்தது' என்று ஒரு பெயர்போல நிற்க முடிந்தால் அதோடு 'ஆல்' சேர்ந்தது காரணம். கடைசி வினையையும் பாருங்கள். நிபந்தனைக்குப் பின் 'நடக்கவில்லை' என்று இறந்தகாலம் வந்திருந்தால் பிள்ளை 'த'வை விட்டிருக்கிறது.

இரண்டாவது பள்ளம் இரட்டைக் குறி. 'ஏனென்றால் மழை பெய்ததால்' என்று எழுதுவார்கள். 'மழை பெய்ததால், அதனால் போகவில்லை' என்றும் எழுதுவார்கள். இது கவனக்குறைவு என்று நான் வெகுகாலம் நினைத்துத் திட்டியிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. இந்தியில் காரணத்தை முன்னால் வைக்கும்போது 'சூங்கி' என்று தொடங்கி 'இஸ்லியே' என்று தொடர்வது முறையான இலக்கணம். 'இருந்தாலும்' என்ற பொருளில் 'ஹாலாங்கி' என்று தொடங்கினால் அடுத்த பாதியில் 'லேக்கின்' வருவதும் அப்படியே. அங்கே ஜோடியாக வரும்; தமிழில் ஒன்று போதும். பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும், திட்ட வேண்டியதில்லை: "இந்தியில் இரண்டு கொக்கி, தமிழில் ஒரு கொக்கி."

இன்னொன்றும் உண்டு. 'ஏனென்றால் எனக்குப் பரிசு வேண்டும்' என்று அவள் எழுதியது காரணமே அல்ல, நோக்கம். பரிசு இன்னும் வரவில்லை, அதற்காக ஓடுகிறாள். நோக்கத்துக்குத் தமிழில் தனி வடிவம் இருக்கிறது: 'பரிசு வாங்குவதற்காகத் தினமும் பயிற்சி செய்தேன்', அல்லது இன்னும் சுருக்கமாக 'பரிசு வாங்கத் தினமும் ஓடினேன்.' 'வாங்குவதற்காக', 'வாங்க' இரண்டுக்கும் பின்னால் வல்லினம் மிகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: 'வாங்குவதற்காகத் தினமும்', 'வாங்கத் தினமும்'. '-ததால்' பின்னால் மிகாது. நோக்கமா காரணமா என்று அறிய, பின்னால் பார்க்கிறதா முன்னால் பார்க்கிறதா என்று கேளுங்கள். நடந்ததைக் காட்டினால் காரணம். வேண்டியதைக் காட்டினால் நோக்கம்.

ஒருவரே இரண்டு செயலையும் செய்யும்போது வெறும் வினையெச்சமே காரணத்தைச் சொல்லிவிடும் இடங்களும் உண்டு. 'குளிரில் நின்று நடுங்கினான்.' 'பயந்து ஓடிவிட்டாள்.' ஏன் நடுங்கினான், ஏன் ஓடினாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். செய்பவர் மாறும்போது பெரும்பாலும் '-ததால்' பக்கமே போவது நல்லது.

அப்படியானால் 'ஏனென்றால்' தேவையே இல்லையா? இருக்கிறது. விளைவு வாசகரை வியக்க வைக்கும்போது அதை முதலில் போட்டு, ஒரு கணம் நிறுத்தி, பிறகு காரணம் சொல்லலாம். அறிவியல் விடையிலும் அது பொருத்தமானது: 'எண்ணெய் நீரில் மிதக்கிறது. ஏனெனில் எண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு.' கேள்வித்தாள் 'ஏன்?' என்று கேட்டிருக்கிறது. விடை அந்தக் கேள்வியை எதிரொலிக்கிறது. கதைபோல் சொல்லும் பத்தியில் ஒருமுறைக்கு மேல் வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி: 'அதனால்' போன இடத்தில் என்ன?

சொற்களை முதலில் முடித்துவிடலாம். 'அதனால்' நடந்த ஒன்றைக் கைநீட்டிக் காட்டும். 'எனவே', 'ஆகவே' இரண்டும் யோசித்து ஒரு முடிவுக்கு வருவதைக் காட்டும்: 'நாளை தேர்வு. எனவே இன்று விளையாடப் போவதில்லை.' தானாக நடந்த விளைவுக்கு அவை கொஞ்சம் விறைப்பு, 'கீழே விழுந்தேன். எனவே அழுதேன்' என்று எந்தப் பிள்ளையும் வாழ்க்கையில் அழுததில்லை. 'ஆகையால்', 'ஆதலால்' ஆறாம் வகுப்புப் பத்தியில் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

சொல்லைவிட நல்ல மாற்று ஒன்று தமிழில் இருக்கிறது: அளவைச் சொல்லி விளைவைக் காட்டுவது. 'புகை அதிகமாக இருந்தது. அதனால் எதிர்க் கட்டடம் தெரியவில்லை' என்பதை 'எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குப் புகை' என்று ஒரே மூச்சில் சொல்லலாம். 'எவ்வளவு புகை என்றால், எதிர்க் கட்டடமே தெரியவில்லை' என்றும் சொல்லலாம். இங்கே விளைவு காரணத்தை அளக்கும் கோலாகிவிடுகிறது. 'அதிகமாக', 'மிகவும்' என்று பிள்ளைகள் எழுதும் வெற்றுச் சொற்களும் கூடவே போய்விடும். "எவ்வளவு அதிகம்? வீட்டிலிருந்து என்ன தெரியவில்லை?" என்று கேட்டேன். "எதிர் பிளாக்கில் காயப்போட்ட துணி தெரியவில்லை" என்றாள். பத்திக்குள் வந்தது கட்டடம்தான். துணி இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

மற்றொரு வழி, இணைப்பே இல்லாமல் விடுவது. 'அம்மா கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அழுதேன்.' இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் காரணத்தை வாசகர் தாமே பிடித்துக்கொள்வார். விளைவு உணர்ச்சியாக இருக்கும் இடங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. அறிவியலிலும் வாதத்திலும் இப்படி விடக்கூடாது. அங்கே இணைப்பைச் சொல்லாவிட்டால் மதிப்பெண் போகும்.

ஐந்தாம் படி: எந்த 'ஆனால்'?

'ஆனால்' ஒரே சொல்லாகத் தெரிந்தாலும் பிள்ளைகளின் பத்தியில் அது நான்கு வேலை செய்கிறது. எந்த வேலை என்று தெரிந்தால் மாற்று தானாகக் கிடைக்கும்.

எதிர்பார்த்தது நடக்காமல் போவது முதல் வேலை. 'மருந்து குடித்தேன். ஆனால் இருமல் நிற்கவில்லை' என்பது 'மருந்து குடித்தும் இருமல் நிற்கவில்லை' என்று மடங்கும். 'குடித்தபோதிலும்' என்றும் எழுதலாம், கொஞ்சம் நீளம். '-தும்' என்பதற்கும் '-தாலும்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிக் கொடுங்கள். 'மழை பெய்தும் போனோம்' என்றால் மழை பெய்தது உறுதி. 'மழை பெய்தாலும் போவோம்' என்றால் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். '-தாலும்' நடந்ததற்கும் வரும். '-தும்' நடந்ததற்கு மட்டுமே. இங்கேயும் இரட்டைக் கொக்கி நுழையும்: 'மழை பெய்தாலும், ஆனால் போனோம்.' மேலே சொன்ன அதே 'ஹாலாங்கி' நோய்.

இரண்டு ஆட்களை எதிரெதிரே நிறுத்துவது இரண்டாவது. 'நான் அழுதேன். ஆனால் தம்பி மகிழ்ந்தான்.' இங்கே எதிர்பார்ப்பு எதுவும் உடையவில்லை, ஒப்பீடு மட்டுமே. தமிழில் இதற்கென்றே ஓர் ஓகாரம் இருக்கிறது: 'நான் அழுதேன், தம்பியோ மகிழ்ந்தான்.' ஓர் எழுத்துதான், ஆனால் தம்பியின் முகம் தெரிகிறது. டெல்லிப் பிள்ளைகள் பேச்சில் இதைக் கேட்பதில்லை. அதனால் முதலில் கேள்வியாகப் படித்துவிடுவார்கள்: "தம்பியோ?" என்று. இரண்டு மூன்று வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் பழகிவிடும்.

மூன்றாவது, தவறான எண்ணத்தைத் திருத்துவது. 'விழா மழையால் நிற்கவில்லை. ஆனால் புகையால் நின்றது' என்பது ஏதோ தடுக்குகிறது. 'விழா நின்றது மழையால் அல்ல, புகையால்' என்று எழுதினால் நிமிர்ந்துவிடும். நான்காவது, ஒருவரை விலக்குவது: 'எல்லோரும் வந்தார்கள். ஆனால் தம்பி வரவில்லை' என்பது 'தம்பியைத் தவிர எல்லோரும் வந்தார்கள்' என்றாகும்.

இந்த நான்கிலும் அடங்காமல் நிற்கும் 'ஆனால்' நல்ல 'ஆனால்'. ஒரு பத்தி ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று திரும்பும் இடம் அது. அதைத் தொடாதீர்கள்.

ஆறாம் படி: சேர்த்து எழுதுதல்

சீட்டுகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே அவள் மறுபடி எழுதினாள். நான் நடுவில் கேட்டது இரண்டு கேள்விகள்: விழாவுக்கு எத்தனை நாள் இருந்தது? அம்மா சொல்வதற்கு முன் நீ என்ன நினைத்தாய்?

"எங்கள் பள்ளியில் நவம்பரில் விளையாட்டு விழா நடக்க இருந்தது. ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குவதற்காக நான் தினமும் பயிற்சி செய்தேன். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது டெல்லியைப் புகைமூட்டம் சூழ்ந்துகொண்டது. எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குப் புகை. பள்ளியை மூடிவிட்டதால் வீட்டிலிருந்தே கணினியில் படித்தோம். விழாவும் நின்றுபோயிற்று. மொட்டை மாடியிலாவது ஓடலாம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா வெளியே போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அழுதேன், தம்பியோ மகிழ்ந்தான். அவனுக்கு ஓடுவதே பிடிக்காது. அன்று முழுவதும் நான் அவனோடு பேசவில்லை. ஒரு வாரம் கழித்துப் பள்ளி திறந்தது."

என்ன ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். பதினொரு தனிச்சொற்களில் மிஞ்சியது ஒன்று, அந்த ஓர் 'ஆனால்'. அதுவும் முன்பைவிட வலுவாக இருக்கிறது. 'மொட்டை மாடியிலாவது ஓடலாம்' என்ற நம்பிக்கை முன்னால் வந்து நிற்பதால் அம்மாவின் மறுப்பு அதன்மீது மோதுகிறது. முதல் பத்தியில் அந்த 'ஆனால்' மோதுவதற்கு எதுவும் இருக்கவில்லை. காரணம் ஒரு '-ததால்' ஆகவும், நோக்கம் ஒரு '-தற்காக' ஆகவும், அளவு ஒருமுறையும், ஓகாரம் ஒருமுறையும் வந்திருக்கின்றன. 'விழாவும் நின்றுபோயிற்று' என்பதில் உள்ள 'உம்' ஓசைப்படாமல் ஒரு விளைவைச் சேர்த்துவிடுகிறது. அதை அவளே போட்டாள். 'அவனுக்கு ஓடுவதே பிடிக்காது' என்ற வாக்கியத்துக்கு இணைப்பே இல்லை. யாருக்கும் புரியாமல் போகவில்லை.

கவனிக்க வேண்டியது: எல்லா மாற்றையும் ஒரே பத்தியில் காட்டிவிட வேண்டும் என்று இறங்கக்கூடாது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நான் சொல்லிக்கொடுத்த உற்சாகத்தில் ஒன்பது வாக்கியங்களுக்குள் எனினும், ஆயினும், இருப்பினும், எனவே, ஆகவே, ஆதலால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வந்தான். நாய்க்குட்டி தொலைந்த கதை அது. படித்தால் நீதிமன்றத் தீர்ப்பு போல இருந்தது. பத்து வாக்கியத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தனிச்சொல் என்பது நான் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் அளவு. மற்ற இணைப்புகள் வினைக்குள்ளோ வரிசைக்குள்ளோ மறைந்திருக்கட்டும்.

எழுதி முடித்தபின் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் அல்ல, நடுவில் வினை மடியும் இடத்தில் காதை வையுங்கள். மூன்று வாக்கியம் தொடர்ந்து '-ததால்' என்று கேட்டால் ஒன்றை உடைத்து இரண்டு வாக்கியமாக்குங்கள். மடிப்பு நீண்டு, எழுவாய் யார் என்று பிள்ளையே தடுமாறினால் அங்கேயும் உடையுங்கள். ஒரு வாக்கியத்துக்குள் ஒரு மடிப்பு போதும். 'புகை வந்ததால் பள்ளியை மூடியதால் விழா நின்றதால் நான் அழுதேன்' என்பது தமிழ்தான். மூச்சு விட முடியாத தமிழ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு சரோஜினி நகர் சந்தைக்குப் போன கதையை எழுதி வந்தாள். வட்டமிட ஒன்றுகூட இல்லை. நான் பாராட்ட வாயைத் திறக்கும் முன் பத்தியைப் படித்துக் காட்டினாள்: கூட்டம் இருந்ததால், பசித்ததால், அப்பா பேரம் பேசியதால், பை கிழிந்ததால். எட்டு 'ததால்'. பென்சிலை அவளிடமே கொடுத்தேன். பையைச் சுற்றி வட்டமிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதினாள்: 'பை கிழிந்தது. தக்காளி முழுவதும் சாலையில் உருண்டது. அப்பா என்னைப் பார்த்தார். நானோ தக்காளியைப் பார்த்தேன்.'